போட்டோவில் வந்த ரத்த ரிப்போர்ட்டை வீட்டாருக்குப் புரியும்படி சொல்வது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு ரிப்போர்ட்டைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். லேபில் சிபிசி என்பார்கள். தாளில் CBC என்றோ Complete Haemogram என்றோ அச்சாகியிருக்கும். காய்ச்சல், அசதி, ஆபரேஷனுக்கு முந்தைய சோதனை, எதற்குப் போனாலும் பெரும்பாலும் டாக்டர் முதலில் எழுதுவது இதைத்தான். சுருக்கெழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் தாளும் இதுதான். இதை ஒழுங்காகப் படிக்கப் பழகிவிட்டால் ஈரல், சிறுநீரகம், தைராய்டு ரிப்போர்ட்டுகளுக்கும் அதே முறை செல்லும்.

நம் உதாரணம் இது. ஊரில் இருக்கும் அத்தைக்கு வயது 56. சில வாரங்களாக அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்து டவுன் டாக்டரைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரை மறுபடி பார்க்க இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. மாமா அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். அத்தைக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. தாளில் எட்டு இடத்தில் L, H என்று தடித்த எழுத்து நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் வீடே கலங்கிப் போயிருக்கிறது. தாளில் உள்ளதை அவருக்கு விளங்கும்படி சொல்வது உங்கள் வேலை. என்ன நோய் என்று சொல்வது டாக்டரின் வேலை. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

முதலில் படம்

ரிப்போர்ட்டைப் படிக்கும்முன் படத்தைப் பாருங்கள். கட்டிலில் உட்கார்ந்து, மடித்த தாளை ஒரு கையில் பிடித்து, ராத்திரி டியூப்லைட்டில் எடுத்த படம் என்றால் தயங்காமல் திரும்பக் கேளுங்கள். தாளை மேஜையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல், நாலு மூலையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். மூலை தெரிய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வலது ஓரத்தில்தான் சரியான அளவு இன்னது என்ற வரம்பு அச்சாகியிருக்கும். படம் வெட்டுப்பட்டால் முதலில் போவது அந்தப் பகுதிதான். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து மங்கும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். லேபில் கேட்டால் பிடிஎஃப் அனுப்புகிறார்கள் என்றால் இந்தப் பாடே வேண்டாம். சின்ன லேபுகள் பில் பேப்பர் போன்ற வழவழப்புத் தாளில் அடித்துத் தருவதுண்டு. அது சில மாதத்தில் வெளுத்துவிடும், ஆகவே அன்றைக்கே படமெடுத்து வைப்பது நல்லது.

அடுத்து, தாளின் தலைப்பகுதி. பெயர், வயது, பாலினம், ரத்தம் எடுத்த தேதி, இந்த நான்கையும் படியுங்கள். ஒரே ஃபைலில் மாமாவின் ரிப்போர்ட்டும் போன வருட ரிப்போர்ட்டும் கிடக்கும். அவசரத்தில் தப்பான தாள் படமாகி வருவது அபூர்வமல்ல. வயதும் பாலினமும் இன்னொரு வகையில் முக்கியம். லேபின் கம்ப்யூட்டர் அவற்றை வைத்துத்தான் வரம்பைத் தேர்ந்தெடுத்து அச்சிடுகிறது. 56 Y / F என்பதற்குப் பதில் 56 Y / M என்று பதிவாகியிருந்தால் ஆணுக்கான வரம்பு வந்து விழும். அந்தத் தாளில் நல்ல அளவுகூடக் குறைவு என்று காட்டப்படும்.

அத்தையின் தாளில் தலைப்பகுதி சரியாக இருக்கிறது. உள்ளே இருப்பது இது:

```
Hb             9.4   L   g/dL         12.0 - 15.0
RBC            4.35      mill/cumm    3.8 - 4.8
PCV            30.9  L   %            36 - 46
MCV            71.0  L   fL           83 - 101
MCH            21.6  L   pg           27 - 32
MCHC           30.4  L   g/dL         31.5 - 34.5
RDW-CV         17.8  H   %            11.6 - 14.0
TLC            6200      cells/cumm   4000 - 10000
DLC  N 55  L 33  E 7 H  M 5  B 0      (%)
AEC            434       cells/cumm   20 - 500
PLT            3.85      lakhs/cumm   1.5 - 4.1
ESR            34    H   mm/hr        0 - 30
```

மங்கலான இலக்கத்தைத் தாளை வைத்தே பிடிப்பது

படத்தில் மடிப்புக் கோடு MCV வரியின் மேல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 71.0 என்பது 77.0 போலவும் தெரிகிறது. மாமாவிடம் போன் செய்து கேட்டால் அவர் கண்ணாடியைத் தேடுவார். சிபிசி தாளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதில் சில எண்கள் மற்ற எண்களிலிருந்து கணக்காக வருபவை. ஆகவே ஒன்று மங்கினாலும் மற்றவற்றைக் கொண்டு மீட்டுவிடலாம்:

```
MCV  = PCV × 10 ÷ RBC   = 309 ÷ 4.35  = 71.0
MCH  = Hb × 10 ÷ RBC    = 94 ÷ 4.35   = 21.6
MCHC = Hb × 100 ÷ PCV   = 940 ÷ 30.9  = 30.4
```

போன் கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. 71.0 வந்துவிட்டது, 77 இல்லை. மெஷின் எண்களைத் தோராயப்படுத்துவதால் கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். விடை வெகுதூரம் தள்ளி வந்தால் ஏதோ ஓர் இலக்கத்தையோ புள்ளியையோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள். கையால் எழுதிய ரிப்போர்ட்டாக இருந்தால், எழுதியவரே தப்பியிருக்கலாம்.

வெள்ளையணு வரிக்கு இன்னும் எளிதான சோதனை உண்டு. N, L, E, M, B ஐந்தும் சேர்ந்து 100 வர வேண்டும். 55, 33, 7, 5, 0, கூட்டினால் நூறு. 33 என்பதை 38 என்று படித்திருந்தால் 105 வந்து உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

புள்ளிகளைத் தனியாக ஒருமுறை பாருங்கள். போட்டோவில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். பெரும்பாலும் வரம்பே அதைப் பிடித்துக் கொடுத்துவிடும். வரம்பு 12.0 முதல் 15.0 என்று இருக்கும்போது ஹீமோகுளோபின் 94 ஆக இருக்க முடியாது.

பன்னிரண்டு வரி, மூன்று விஷயம்

பலர் சறுக்குவது இங்கே. ஒவ்வொரு சுருக்கெழுத்தையும் அகராதி பார்த்ததுபோல் விரித்துத் தமிழில் எழுதி அனுப்புகிறார்கள். சராசரி அணுக் கன அளவு, சராசரி அணு ஹீமோகுளோபின் அடர்த்தி என்றெல்லாம் அத்தைக்கு அனுப்பினால், இங்கிலீஷில் புரியாமல் இருந்தது தமிழிலும் புரியாமல் இருக்கும். அதோடு, எட்டுக் குறிகளும் எட்டு நோயாக அவருக்குத் தோன்றும். சிபிசி தாள் மொத்தமும் மூன்று வகை அணுக்களைப் பற்றியது: சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட். வரிகளை அந்த மூன்றின் கீழ் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மேலிருந்து RDW வரை ஏழு வரியும் சிவப்பணு. Hb என்பது ஹீமோகுளோபின், சிவப்பணுவுக்குள் இருந்து பிராணவாயுவைச் சுமக்கும் பொருள். ரத்தம் கம்மி என்று நம் வீடுகளில் சொல்வது இந்த எண்ணைத்தான். சில தாளில் Hb% என்று அச்சாகியிருக்கும். அது பழைய காலத்து வழக்கத்தின் மிச்சம். எண் சதவீதம் அல்ல, 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்பது. இதைச் சொல்லாமல் விட்டால் ‘உடம்புல ஒம்பது சதவீதம்தான் ரத்தம் இருக்காம்’ என்று செய்தி தெருக்கோடி வரை போய்விடும். RBC சிவப்பணுக்களின் எண்ணிக்கை. PCV என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்ற பங்கு; சில லேபுகள் இதையே HCT என்று போடுவார்கள். MCV ஓர் அணுவின் சராசரிப் பருமன். MCH, MCHC இரண்டும் ஓர் அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை இரண்டு விதமாகச் சொல்பவை. RDW அணுக்கள் ஒரே பருமனில் இருக்கின்றனவா, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைக் காட்டுவது. இதில் RDW-CV, RDW-SD என்று இரண்டு உண்டு. ஒன்று சதவீதத்திலும் மற்றது fL அலகிலும் வரும், எண்களும் வேறு வேறாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஏறிவிட்டதே என்று பயப்படாதீர்கள்.

இப்போது அத்தையின் ஏழு வரியையும் ஒன்றாகப் படியுங்கள். சிவப்பணு எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் அணுக்கள் சிறியவை, உள்ளே சரக்கு குறைவு, பருமனும் ஒன்றுபோல் இல்லை. அதனால் மொத்த ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது. ஐந்து L-ம் ஒரு H-ம் சேர்ந்து சொல்வது இந்த ஒரே செய்தியைத்தான். சில ரிப்போர்ட்டின் அடியில் microcytic hypochromic என்று ஒரு வரி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் அதே செய்தியைத் தன் பாஷையில் எழுதியிருக்கிறார்: அணுக்கள் சிறியவை, நிறம் வெளிறியவை. அது புது நோயின் பெயர் அல்ல.

வெள்ளையணு வரிகள் இரண்டாவது கூட்டம். TLC, TC, WBC எல்லாம் ஒன்றே: மொத்த எண்ணிக்கை. அதன் கீழே N, L, E, M, B என்பவை வெள்ளையணுவின் ஐந்து ரகங்கள். அவை நூற்றுக்கு எத்தனை என்பதுதான் அந்த எண்கள். பழைய பழக்கத்தில் எழுதும் லேபுகளில் N-க்குப் பதில் P இருக்கும். அதைப் பிளேட்லெட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே நிற்கும் L, லிம்ஃபோசைட் என்ற ரகத்தைக் குறிப்பது. குறைவு என்று காட்டும் L வேறு. போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அத்தைக்கு E 7 என்று வந்து H குறி விழுந்திருக்கிறது. இந்த லேப் தாளில் அதற்கு வரம்பு 1 முதல் 6. ஈசினோஃபில் என்ற இந்த ரகம் அலர்ஜியிலும் குடல் புழுவிலும் கூடும் என்று யாராவது சொல்லிவைப்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. 6200-இல் நூற்றுக்கு 7 என்றால் 434. அடுத்த வரியில் AEC என்று போட்டிருப்பது அந்த உண்மையான எண்ணிக்கையைத்தான். அது 500-க்குள் நிற்கிறது. ஆகவே இந்த H-ஐப் பற்றி அத்தையிடம் ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது PLT, பிளேட்லெட். அத்தைக்கு 3.85 லட்சம், வரம்புக்குள். இங்கே கவனிக்க வேண்டியது அலகுதான். ஒரு லேப் 3.85 lakhs/cumm என்று போடும். இன்னொன்று அதையே 385 என்று போட்டு, பக்கத்தில் 10^3/µL என்று எழுதும். மூன்றாவது லேப் 385000 என்று முழுசாக அடிக்கும். மூன்றும் ஒரே அளவு. டெங்குக் காய்ச்சல் நேரத்தில், ஒருநாள் ஒரு லேபில் 1.2 என்றும் மறுநாள் வேறு லேபில் 110 என்றும் வந்தால் வீட்டில் நடக்கும் களேபரத்துக்கு இந்த அலகுதான் காரணமாக இருக்கும். 110 என்பது 1.1 லட்சம், கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

ESR இந்த மூன்றிலும் அடங்காது. நிறுத்திவைத்த குழாயில் ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்பது அது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கூடும். வயது ஏறினாலும் கூடும், ரத்தசோகை இருந்தாலே கூடும். அத்தையின் 34-ஐத் தனியாக எடுத்துக் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஹீமோகுளோபின் கதையோடு சேர்த்து டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வரம்பு என்ன சொல்கிறது

கடைசிப் பத்தியில் இருக்கும் எண்களுக்குத் தலைப்பு Reference Range என்றோ Biological Ref. Interval என்றோ இருக்கும். இதை ‘நார்மல்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். அதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 120 பேரிடம் ரத்தம் எடுத்து அளந்து, மிகக் குறைவாக வந்த சிலரையும் மிக அதிகமாக வந்த சிலரையும் இரண்டு ஓரத்திலும் கழித்துவிட்டு, நடுவில் நிற்கும் 95 சதவீதத்தினரின் அளவை வரம்பு என்று வைப்பதுதான் பொதுவான முறை. அப்படியானால் நோயே இல்லாத 100 பேரில் ஐந்து பேர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள். ஒரு தாளில் இருபது சோதனை இருந்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றில் L-ஓ H-ஓ விழுவது எதிர்பார்க்கக்கூடியதே.

குறி விழுந்தது என்பதைவிட எவ்வளவு தூரம் தள்ளி விழுந்தது என்பது முக்கியம். அத்தையின் E, கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. Hb கோட்டிலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. கம்ப்யூட்டர் இரண்டுக்கும் ஒரே தடித்த எழுத்தைத்தான் போடும். அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபினுக்கு இதை அளந்து சொல்லவும் ஒரு கணக்கு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை, 11.0 முதல் 11.9 வரை லேசானது, 8.0 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமையானது. அத்தையின் 9.4 நடுத்தரத்தில் வருகிறது. கர்ப்பிணிகளுக்குக் கோடே வேறு, ஆண்களுக்கு 13, குழந்தைகளுக்கு வயதுக்கு வயது மாறும். சில லேபுகள் யார் வந்தாலும் பெரியவர்களுக்கான ஒரே வரம்பை அச்சிட்டுவிடுகின்றன. ஆகவே குழந்தையின் ரிப்போர்ட்டில் குறிகளைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள்.

ஒப்பிட வேண்டியது அந்தத் தாளில் உள்ள வரம்போடுதான். நெட்டில் தேடி எடுத்த வரம்பையும் பழைய ரிப்போர்ட்டில் இருந்த வரம்பையும் கொண்டுவந்து கலக்காதீர்கள்; மெஷினும் முறையும் மாறினால் வரம்பும் மாறும். இன்னொரு சங்கதி, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வரம்பு என்று அச்சாவது வேறு ரகம். HbA1c 5.7, 6.5 என்ற கோடுகள் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் போட்டவை அல்ல. எந்த அளவுக்கு மேல் நீரிழிவின் பாதிப்பு தொடங்குகிறது என்று பார்த்து மருத்துவர்கள் வகுத்தவை. அங்கே ‘நூற்றுக்கு ஐந்து பேர் வெளியே நிற்பார்கள்’ என்ற சமாதானம் செல்லாது.

அத்தைக்குப் போகும் செய்தி

எழுத்தில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அதையே குரலிலும் பேசி அனுப்புவது நல்லது. எழுத்து டாக்டரிடம் காட்ட உதவும், குரல் அத்தையின் பதற்றத்தைத் தணிக்கும். அவர் பேசும் தமிழிலேயே இருக்கட்டும். இப்படி:

‘அத்தை, ரிப்போர்ட் முழுசும் பாத்துட்டேன். உங்க பேரு, வயசு, தேதி எல்லாம் சரியா இருக்கு. தாள்ல எட்டு எடத்துல குறி போட்டிருக்குன்னு பயந்துறாதீங்க. அதுல ஆறு ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது. ஹீமோகுளோபின் 9.4 இருக்கு, 12-லருந்து 15 இருக்கணும்னு அந்த லேப்ல போட்டிருக்காங்க. அதனால குறைவுதான். சிவப்பணு எண்ணிக்கை சரியா இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் அளவுல சின்னதா, உள்ள சத்து கம்மியா இருக்கு. வெள்ளையணு சரியா இருக்கு. அதுல ஒரு ரகம் மட்டும் கோட்டை லேசா தாண்டியிருக்கு, எண்ணிக்கையாப் பாத்தா வரம்புக்குள்ளதான் இருக்கு. பிளேட்லெட் நல்லா இருக்கு. ESR-னு ஒண்ணு கொஞ்சம் கூட இருக்கு, ரத்தம் கம்மியா இருந்தாலே அது கூடும். ஹீமோகுளோபின் ஏன் குறைஞ்சுதுன்னு இந்தத் தாள்ல இல்ல. அதை டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். ரெண்டு நாள்ல கட்டாயம் போயிருங்க, தள்ளிப் போடாதீங்க. அதுக்குள்ள நெஞ்சு வலிச்சாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குனாலோ, மயக்கம் வந்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ காத்திருக்க வேணாம், மாமாவைக் கூட்டிக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.’

ஹீமோகுளோபின் எண்ணுக்குப் பக்கத்தில் அதன் வரம்பும் நிற்கிறது பாருங்கள். ‘குறைவு’ என்று மட்டும் சொன்னால் எவ்வளவு குறைவு என்பதைக் கேட்பவர் தன் பயத்துக்கு ஏற்ப நிரப்பிக்கொள்வார். fL, pg போன்ற அலகுகள் செய்தியில் வரவில்லை. அத்தைக்கு அவை வேண்டாம். உங்கள் குறிப்பில் மட்டும் இருக்கட்டும்.

தாளின் அடியில் Please correlate clinically என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பற்றியும் கேட்பார்கள். இந்த எண்களை நோயாளியின் உடல்நிலையோடு சேர்த்துப் பார்க்கவும் என்று லேப் டாக்டருக்கு எழுதும் வழக்கமான வரி அது. எல்லார் தாளிலும் இருக்கும்.

சொல்லாமல் விட வேண்டியது

சிறிய அணு, வெளிறிய நிறம், ஏறிய RDW, இந்த மூன்றையும் பார்த்ததும் விஷயம் தெரிந்தவருக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இருந்தாலும் எழுதாதீர்கள். தாலசீமியா என்ற பரம்பரைக் குறைபாட்டின் லேசான வடிவம் உள்ளவர்களுக்கும் அணுக்கள் சிறியதாகத்தான் இருக்கும். இரும்பு மாத்திரை அவர்களின் அந்தக் குறைபாட்டைச் சரிசெய்யாது. நாள்பட்ட வேறு நோய்களிலும் இதே படம் வரலாம். இரும்புதான் என்று உறுதிப்படுத்தப் பெரும்பாலும் ஃபெரிட்டின் என்ற தனிச் சோதனை பார்க்கிறார்கள். அந்தச் சோதனைக்கு முன்னால் வீட்டிலிருந்த மாத்திரையை விழுங்க ஆரம்பித்துவிட்டால் முடிவு குழம்பக்கூடும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 56 வயதில், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்பு குறைந்திருக்கிறது என்றால், அது எங்கே போகிறது என்று டாக்டர் தேடியாக வேண்டும். வயிற்றுப் புண்ணிலிருந்தோ குடலிலிருந்தோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். ‘இரும்புச்சத்துதான் கம்மி, முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடுங்க’ என்று உங்கள் செய்தி முடிந்தால், அத்தை நிம்மதியாகிவிடுவார், இரண்டு நாள் கழித்துப் போக வேண்டிய டாக்டரிடம் போகமாட்டார். ரிப்போர்ட்டைத் தப்பாகப் படித்தால் வரும் சேதத்தைவிட, சரியாகப் படித்துவிட்டு அவசரமாக மருந்து சொல்வதால் வரும் சேதம் பெரிது.

அதற்குப் பதில் டாக்டரிடம் சொல்ல வேண்டியவற்றையும் கேட்க வேண்டியவற்றையும் எழுதிக் கொடுங்கள். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை, இதயத்துக்கு என்று போடும் ஆஸ்பிரின், இரண்டும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியவை. பல அத்தைகள் அவற்றை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மூலம் உண்டா, எடை குறைந்ததா, பசி எப்படி, சாம்பலோ பச்சரிசியோ தின்னத் தோன்றுகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது ரத்தசோகை உண்டா, இவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். கேள்வி இரண்டு போதும்: ஏன் குறைந்தது, அதைக் கண்டுபிடிக்க வேறு என்ன சோதனை வேண்டும்?

குடும்ப குரூப்பில் ரிப்போர்ட்டைப் போடாதீர்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் பதினைந்து பேர் பதினைந்து வைத்தியம் சொல்வார்கள், தவிர அத்தையின் உடம்பு விவரம் அவர் கேட்காமலேயே ஊர்ச் சொத்தாகிவிடும்.

கடல் தாண்டி வந்த தாள்

பிள்ளைகள் பிரிட்டனிலோ கனடாவிலோ இருக்கும் வீடுகளில் இரண்டு வகைத் தாளும் ஒரே மேஜையில் சேர்ந்துவிடும். அங்கே ஹீமோகுளோபின் g/L அலகில் வரும், அத்தையின் 9.4 அங்கே 94. பத்தால் பெருக்கினால் போதும். சர்க்கரை mmol/L அலகில் வரும். நம் ஊர் mg/dL எண்ணை 18-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். 126 இருந்தால் அங்கே 7.0. கிரியாட்டினினுக்கு 88.4-ஆல் பெருக்க வேண்டும். 1.0 என்று நாம் படிப்பது அங்கே 88 என்று நிற்கும். அதைப் பார்த்து சிறுநீரகம் போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. எண்ணை மாற்றினால் வரம்பையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பினால் அத்தனை வரியும் தாறுமாறாகத் தெரியும்.

அடுத்த ரிப்போர்ட் வரும்போது

டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்து இரும்பு மாத்திரை கொடுத்தார் என்றால், சில வாரம் கழித்து இன்னொரு சிபிசி எழுதுவார். முடிந்தவரை அதே லேபில் எடுக்கச் சொல்லுங்கள். பலன் தருகிறது என்றால் மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் ஏறியிருக்கும் என்று டாக்டர்கள் எதிர்பார்ப்பார்கள். 9.4 என்பது 9.6 ஆனதை முன்னேற்றம் என்று கொண்டாட வேண்டாம். அவ்வளவு வித்தியாசம் அதே ரத்தத்தை இரண்டு முறை மெஷினில் விட்டாலும் வரக்கூடியது. மாத்திரை தொடங்கிய பின் மலம் கறுத்துப் போவது வழக்கம், முன்கூட்டியே சொல்லிவிட்டால் அத்தை பயந்து நிறுத்தமாட்டார். அதே சமயம் பிசுபிசுப்பாகத் தார்போல் போனால் அது மாத்திரையின் வேலை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். புதுத் தாளில் L குறிகள் சில இன்னும் நிற்கும். மாத்திரை வேலை செய்யும்போது பழைய சிறிய அணுக்களும் புதிய சரியான அணுக்களும் கலந்திருப்பதால் RDW முன்னைவிட ஏறிக்கூடக் காட்டலாம். புது ரிப்போர்ட்டை அத்தைக்குச் சொல்லும்போது பழைய Hb, புதிய Hb இரண்டையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.